ரிலீவிங் லெட்டருக்காகக் கையெழுத்துப் போட்டேன், என் ஆப் போச்சு

நாகர்கோவிலில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் நாலு வருஷம் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். அங்கே என் வேலை ஜவுளிக்கடை பில்லிங்.

குலசேகரத்தில் மாமாவுக்கு ரப்பர் பால் வாங்கும் கடை இருக்கிறது. 40 கிலோ பால், அதில் உலர் ரப்பர் எத்தனை சதவீதம் என்று காட்டும் டி.ஆர்.சி. 32 என்றால் உலர் ரப்பர் 12.8 கிலோ, அதற்குத்தான் விலை. இந்தக் கணக்கை அவர் நோட்டில் போட்டுக்கொண்டிருந்தார். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து ஏழு மாதத்தில் அதற்கு ஒரு ஆப் எழுதினேன். முதலாளியிடமும் சொன்னேன். "உன் சொந்த வேலைதானே, செய்யுப்பா" என்றார். வாயால் சொன்னதோடு சரி.

மார்த்தாண்டம் பக்கம் இரண்டு கடைக்காரர்கள் அதையே கேட்டதும் வேலையை விட நோட்டீஸ் கொடுத்தேன். அதன்பிறகு பேச்சு மாறியது. "ஆப் கம்பெனியோடது" என்றார்கள். எல்லாம் ராத்திரி எழுதினது என்று காட்டத்தான் இதை ஓட்டினேன்:

```
git log --format="%ad %ae"
```

நேரமெல்லாம் 11 மணிக்கு மேல்தான். ஆனால் ஒவ்வொரு வரியிலும் ஆபீஸ் மெயில் ஐடி! லேப்டாப்பும் அவர்களுடையது. போதாததற்கு, ரசீது பிரின்ட் செய்யும் பகுதியை ஆபீஸ் கோடிலிருந்து அப்படியே எடுத்திருந்தேன். அது என் தப்பு, மறுக்கவில்லை.

கடைசி மாதச் சம்பளமும் ரிலீவிங் லெட்டரும் வேண்டுமானால் ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன்.

பிறகுதான் வக்கீலைப் பார்த்தேன். 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 17(c) பிரிவு இருக்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலையின் பகுதியாகச் செய்தது முதலாளிக்குச் சொந்தம். வீடா ஆபீஸா, ராத்திரியா பகலா என்பது மட்டும் இதைத் தீர்மானிக்காது. அது உன் வேலைக்குள் வருகிறதா என்பதுதான் கேள்வி. ஜவுளி பில்லிங் ஆளுக்கு ரப்பர் கணக்கு வேலையா? வாதாட இடம் இருந்தது என்றார். அந்த "செய்யுப்பா" ஒரு மெயிலாக இருந்திருந்தால் இன்னும் பலம்.

தாளைப் படித்ததும் சிரித்துவிட்டார். "அவங்களுக்கே சந்தேகம் இருந்திருக்கு தம்பி. சந்தேகமில்லாம சொந்தம்னா எழுதி வாங்குவானேன்?" உரிமை மாற்றம் எழுத்தில், உரியவர் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும், அது 19-வது பிரிவு. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம்தான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். என் தாளில் இரண்டையும் மறக்காமல் எழுதியிருந்தார்கள்: "நிரந்தரமாக, உலகம் முழுவதும்". சம்பளத்தைப் பிடித்துவைத்து வாங்கினதற்கு வழக்குப் போடலாம், ஆனால் அதற்கும் சாட்சி வேண்டும். உள்ளே நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

மாமா கடையில் இப்போதும் அதே ஆப்தான் ஓடுகிறது. மேலே கம்பெனி லோகோ. வருஷச் சந்தா கட்டச் சொல்லி போன மாதம் அவருக்கு பில் வந்திருக்கிறது. "நீ எழுதினதுக்கு நான் ஏம்ல இவனுக்குக் கட்டணும்?" என்று கேட்கிறார்.