ஸ்ட்ராடில் விலைய வச்சு ஸ்ட்ரைக் எடுக்கறது – மூணு வருஷத்துக்கு மேல யூஸ் பண்ணதுல என் அனுபவம்

போன வாரம் மாமா பையன் வாட்ஸப்ல ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான். ஆப்ல நிஃப்டி சார்ட் மேல ரெண்டு பக்கமும் கலர் அடிச்சு ஒரு பட்டை, அதுக்கு மேல எதிர்பார்க்கும் நகர்வு ±300ன்னு போட்டிருக்கு. கீழ இவன் கேள்வி: "மாம்ஸ், ஏடிஎம் காலையும் புட்டையும் கூட்டினா வர்ற நம்பர் தான இது, இதுக்கு வெளிய ரெண்டு பக்கமும் வித்துட்டு எக்ஸ்பைரி வரைக்கும் சும்மா உக்காந்திருந்தா போதுமா?" 2022ல நான் இதை ஆரம்பிச்சப்போ இதே கேள்வியத்தான் கேட்டேன், எனக்கு போதும்னு பதில் சொன்னாங்க, அந்த கடுப்புலதான் இதை எழுதறேன்.

மொதல்ல நல்லத சொல்லிடறேன். இப்போதைய விலைக்கு பக்கத்துல இருக்கற ஸ்ட்ரைக்தான் ஏடிஎம், அதோட காலையும் புட்டையும் கூட்டினா வர்றதுதான் ஸ்ட்ராடில் விலை. ஸ்ட்ரைக் எடுக்க இதவிட நேர்மையான அளவுகோல் எனக்கு கிடைக்கல. அதுக்கு முன்னாடி 500 பாயிண்ட் தள்ளின்னு கண்ணை மூடிட்டு விப்பேன். மார்க்கெட்டோட பயத்தை அளக்கற விக்ஸ் 11ல இருந்தாலும் 500, 20ல இருந்தாலும் 500. ஸ்ட்ராடில்ல அந்த முட்டாள்தனம் இல்ல, மார்க்கெட் பயந்தா தானா விரியும், அடங்கினா தானா சுருங்கும். சப்போர்ட் ரெசிஸ்டன்ஸ்னு கோடு போட்டு நம்மள நாமே ஏமாத்திக்க வேண்டியதில்ல, காசு போட்டு வாங்கறவனும் விக்கறவனும் ஒத்துக்கிட்ட நம்பர் அது.

இப்ப எரிச்சலுக்கு வர்றேன். மூணு வருஷமா என்ன அரிச்சிக்கிட்டே இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான், அந்த கலர் பட்டை. அதப் பாத்தா எல்லை மாதிரி, சுவர் மாதிரி இருக்கு. ஆனா அது சராசரி. ஸ்ட்ராடில் வாங்கினவனுக்கு எக்ஸ்பைரில கிடைக்கறது என்ன, மார்க்கெட் மேலயோ கீழயோ எவ்ளோ தள்ளிப் போச்சோ அந்த தூரம். அப்ப அதோட நியாயமான விலைங்கறது அந்த தூரத்தோட சராசரிதானே. கணக்கா எழுதினா இவ்ளோதான், இதுல S ஸ்பாட் விலை, IVங்கற ஐவி ஆப்ஷன் விலைக்குள்ள மார்க்கெட் எதிர்பார்க்கற வருஷ அசைவு:

```
straddle ≈ 0.8 × S × IV × √(days/365)
```

அந்த 0.8ஐ கவனிங்க. அதை எடுத்துட்டா வர்றதுதான் ஒரு ஸ்டாண்டர்ட் டீவியேஷன். அதாவது ஸ்ட்ராடில்ங்கறது முக்கால் டீவியேஷனுக்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான். மணி வடிவ வளைவு சரின்னே வச்சுக்கிட்டாலும் அதுக்குள்ள முடியற வாய்ப்பு 58 சதவீதம், மீதி 42 சதவீதம் வெளிய. இத மொதல்லயே யாராவது சொல்லியிருந்தா முதல் வருஷம் ஸ்ட்ரைக் உடையறப்பல்லாம் எனக்கு நேரம் சரியில்லன்னு பொலம்பியிருக்க மாட்டேன். உடையறது அதோட இயல்பு.

பையனுக்கு புரியறதுக்காக அவன் அனுப்புன நம்பரையே வச்சு போட்டுக் காட்டினேன். புதன்கிழமை காலைல, அடுத்த செவ்வாய் எக்ஸ்பைரிக்கு ஆறு நாள் இருக்கு. ஸ்பாட் 24,005. 24,000 கால் 165, புட் 135, ஸ்ட்ராடில் 300. இவன் ஸ்பாட்ல இருந்து ரெண்டு பக்கமும் 300 எண்ணி 23,700 புட், 24,300 கால்னு எடுத்திருக்கான். இங்கயே ஒரு தப்பு இருக்கு. காலும் புட்டும் ஒரே விலை இல்ல, கால் 30 ரூபா ஜாஸ்தி. அப்ப மார்க்கெட் மனசுல இருக்கற நடு 24,030, ஸ்பாட் இல்ல. ஸ்ட்ரைக்கோட கால் விலைய கூட்டி புட் விலைய கழிச்சா அந்த நடு வந்துடும், பத்து செகண்ட் வேலை. இத விட்டா கால் பக்கம் நாம நினைக்கறத விட கிட்ட இருக்கும், புட் பக்கம் தேவையில்லாம தள்ளி இருக்கும். 25 பாயிண்ட் பெருசான்னு கேப்பான், எக்ஸ்பைரி அன்னிக்கு மத்தியானம் ரெண்டரை மணிக்கு தெரியும் பெருசா சின்னதான்னு.

சரி, நடுவ சரி பண்ணிட்டு 300 தள்ளி வித்தா என்ன கிடைக்கும்? ரெண்டு பக்கமும் ஒரே ஐவின்னு வச்சா ஒவ்வொரு பக்கமும் சுமார் 45, மொத்தம் 90 பாயிண்ட் (நெஜத்துல புட் கொஞ்சம் கூடவும் கால் கொஞ்சம் கம்மியாவும் இருக்கும், அது இருக்கட்டும்). அந்த 90ஐ சேத்தா 390 பாயிண்ட் வரைக்கும் நஷ்டம் இல்ல, அதுக்குள்ள முடியற வாய்ப்பு 70 சதவீதம். பத்துக்கு ஏழு ஜெயிப்பு, யாருக்குதான் ஆசை வராது. ஆனா விலை நியாயமா இருந்தா அந்த ஏழுல வர்றத மீதி மூணு அப்படியே திருப்பி வாங்கிட்டுப் போயிடும், கூட்டிக் கழிச்சா பூஜ்யம், அதுக்கு மேல புரோக்கரேஜும் எஸ்டிடியும் நம்ம கையில இருந்து. லாபம்னு ஏதாவது வரணும்னா ஐவி அப்புறம் நடக்கப் போற அசைவ விட அதிகமா இருந்திருக்கணும். அது நாம ஸ்ட்ரைக்க எங்க வச்சோம்ங்கறதுல இல்ல. இதை ஜீரணிக்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு.

அப்புறம் நான் 1.25ஆல பெருக்க ஆரம்பிச்சேன், அதாவது 375, ஒரு முழு டீவியேஷன். ஸ்ட்ரைக் 23,650ம் 24,400ம். பிரீமியம் மொத்தம் 62 பாயிண்ட் மாதிரி வரும். ஒன்றரை மடங்கு போனா 42 வரும், ரெண்டு மடங்கு போனா 17, அதுக்கு இந்த மார்ஜினை வேற எதுலயாவது போட்டுட்டு தூங்கலாம். 1.25க்கும் ஒன்றரைக்கும் நடுவுலதான் இப்ப என் வாசம்.

ஆனா எக்ஸ்பைரில எங்க முடியுதுங்கறது பாதிக் கதைதான், நடுவுல எங்க போயிட்டு வருதுங்கறதப் பத்தி அந்தப் பட்டை ஒரு வார்த்தை பேசாது. 300 தூரத்துல ஒரு பக்கம் உடைஞ்சு முடியற வாய்ப்பு 21 சதவீதம்னா, நடுவுல எப்பவாவது அந்த ஸ்ட்ரைக்கை தொட்டுட்டுப் போற வாய்ப்பு கிட்டத்தட்ட அதுக்கு ரெண்டு மடங்கு. தொடும்போது உங்க கணக்குல சிவப்பு எவ்ளோ தெரியும், அப்ப நீங்க என்ன பண்ணுவீங்கங்கறதுதான் விஷயமே.

எனக்கு இது புரிஞ்சது 2024 ஜூன் 4. தேர்தல் முடிவு நாள். முந்தின நாள் நிஃப்டி 733 பாயிண்ட் ஏறி 23,263.90ல முடிஞ்சிருந்துச்சு, எக்ஸ்பைரி 6ம் தேதி வியாழன் (அப்பல்லாம் வியாழன்தான், செவ்வாய்க்கு மாத்துனது 2025 செப்டம்பர்ல). நான் ஸ்ட்ராடில் தூரத்தையும் தாண்டி 22,500 புட் வித்து, கீழ 22,000 புட் வாங்கி வச்சிருந்தேன். ஸ்பாட்ல இருந்து 760 பாயிண்ட் தள்ளி, மூணு நாளைக்கு இதுக்கு மேல என்ன வேணும்னு நெனப்பு. மறுநாள் 21,281 வரைக்கும் போச்சு. 22,500 புட்ல உள்மதிப்பு மட்டுமே 1,200க்கு மேல. விக்ஸ் வேற எகிறுது, ஆப் சுத்திக்கிட்டே நிக்குது, கை நடுங்குது, வீட்ல சாப்பிடக் கூப்பிடறாங்க. ரெண்டு புட்டையும் சேத்து மூடிட்டு எழுந்து போயிட்டேன். ஹெட்ஜ் இருந்ததால கணக்கு உயிரோட தப்பிச்சுது. அன்னிக்கு 21,884.50ல முடிஞ்சுது, கிட்டத்தட்ட 6 சதவீதம் எறக்கம்.

இனிதான் கொடுமை. 6ம் தேதி எக்ஸ்பைரில நிஃப்டி முடிஞ்சது 22,821.40. என் 22,500 புட் பூஜ்யமாயிருக்கும்! 3ம் தேதி முடிவுல இருந்து எக்ஸ்பைரி முடிவு வரைக்கும் மொத்த நகர்வு 442 பாயிண்ட்தான். ஸ்ட்ராடில் சொன்னது பொய்யில்லன்னு யாராவது வாதாடினா என்னால மறுக்க முடியாது, ஆனா அந்த மூணு நாள்ல நடுவுல 2,000 பாயிண்ட் கீழ போயிட்டு வந்ததப் பத்தி அதுக்கு கவலையே இல்ல. தவிர அந்த மாதிரி ரெண்டுல ஒண்ணுன்னு ஒரு பெரிய தாவல் காத்துக்கிட்டிருக்கற நாள்ல மணி வளைவே கிடையாது, 0.8ங்கற கணக்கே ஆட்டம் கண்டுடும். பட்ஜெட், தேர்தல் மாதிரி நாள்ல இப்ப நான் இந்த அளவுகோலை கையில எடுக்கறதே இல்ல.

அதுக்கு நேர் எதிரா இன்னொரு தொல்லை, இது சத்தமில்லாம வரும். மார்க்கெட் தூங்கும்போது ஸ்ட்ராடில் சுருங்கும், சுருங்கினா உங்க ஸ்ட்ரைக் கிட்ட வரும். மாசக்கணக்கா அடங்கி கெடந்து எல்லாருக்கும் தைரியம் வந்தப்பதான் நீங்க ரொம்ப கிட்ட வித்திருப்பீங்க. அதனால ஐவி ரொம்ப கீழ இருக்கறப்போ ஸ்ட்ராடில் என்ன சொன்னாலும் ஒரு குறைஞ்சபட்ச தூரம் வச்சிருக்கேன். அதாவது நான் திட்டின அந்த பழைய கண்ணை மூடிட்டு 500 கதைதான், கொஞ்சம் மரியாதையா. சிரிச்சுக்கோங்க.

இவ்ளோ திட்டியும் விடாம இருக்கறதுக்கு காரணம், யாரும் சொல்லித் தராம நானா கண்டுபிடிச்ச ஒரு உபயோகம். எல்லாரும் ஸ்ட்ராடிலை விக்கற அன்னிக்கு மட்டும் பாத்துட்டு மறந்துடறாங்க. நான் தினமும் காலைல பத்து மணிக்கு (9:15க்கு பாக்காதீங்க, தொறந்த உடனே விலை ஊதிப்போய் இருக்கும்) புது ஏடிஎம் ஸ்ட்ராடிலை எடுத்து, என் ஸ்ட்ரைக்குக்கு மீதி இருக்கற தூரத்தை அதால வகுப்பேன். மேல சொன்ன 24,400 காலையே எடுங்க. புதன்கிழமை 370 தூரம், ஸ்ட்ராடில் 300, விகிதம் 1.23. ரெண்டு நாள் கழிஞ்சு வெள்ளிக்கிழமை ஐவி மாறலன்னாலும் ஸ்ட்ராடில் மூணுல ஒரு பங்கு குறையாது, ரூட் கணக்குல 245 கிட்ட நிக்கும். அதுக்குள்ள நடு 24,145க்கு ஏறியிருந்தா மீதி தூரம் 255, விகிதம் 1.04. இந்த நேரத்துல பொசிஷன் லாபத்துல கூட காட்டலாம், புட் பக்கம் கரைஞ்சிருக்குமே. ஆனா கால் பக்கம் வித்த அன்னிக்கு இருந்ததவிட இன்னிக்கு ஆபத்து ஜாஸ்தின்னு இந்த ஒத்த நம்பர் சொல்லிடும். 1க்கு கீழ வந்தா அந்தப் பக்கத்தை மூடிடுவேன், திரும்பி வரும்னு காத்திருக்கறதில்ல. சில வாரம் மூடின உடனே திரும்பி வரும், வயிறு எரியும், பரவால்ல.

பையனுக்கு கடைசியா போட்ட மெசேஜ்: "அந்தப் பட்டைக்கு வெளிய வித்துட்டு உக்காராத, ஹெட்ஜ் இல்லாம விக்கவே விக்காத, உனக்கு இது வேணாம்டா, மொதல்ல ஆறு மாசம் பேப்பர்ல எழுதிப் பாரு." ரெண்டு நிமிஷத்துல பதில், "சரி மாம்ஸ், அப்ப 1.25ஆ ஒன்றரையா?" ஒன்றரைன்னு அனுப்பிட்டு போனை கவுத்து வச்சுட்டேன்.