கும்பகமா, விபரீதகரணியா? கருவி காட்டும் எண்ணை வைத்து ஓர் ஒப்பீடு

ரத்த அழுத்தம் சற்றே கூடுதலாக இருப்பவர்கள் யோகாவில் எதைத் தேர்வது என்று கேட்டால், மூச்சை அடக்கும் கும்பகத்தைவிட, சுவரில் காலைச் சாய்த்துப் படுக்கும் எளிய விபரீதகரணியையே நான் சொல்வேன். நானும் அதையே வைத்துக்கொண்டேன். இரண்டுமே மனதை அமைதிப்படுத்துகின்றன, இரண்டுக்கும் செலவில்லை. எனக்கு முடிவைத் தீர்மானித்தது, வீட்டுக் கருவி காட்டும் எண்ணை நம்ப முடிகிறதா என்பதுதான்.

முதலில் கும்பகம். மூச்சை நிறைய இழுத்து, குரல்வளையை மூடி, மார்பை இறுக்கிப் பிடிக்கும்போது மார்புக்குள் அழுத்தம் ஏறுகிறது. முதல் ஓரிரு விநாடிகளில் ரத்த அழுத்தம் சட்டென்று உயர்கிறது. பிறகு இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைவதால் அது இறங்க, நாடி வேகமெடுக்கிறது. மூச்சை விட்டதும் அழுத்தம் முன்பிருந்த அளவையும் தாண்டி எழும்பி, நாடி மெதுவாகிறது. மணிக்கட்டில் விரல் வைத்தால் இந்த ஏற்ற இறக்கம் தெளிவாகவே தெரியும். இறுக்காமல் தளர்வாக அடக்கினால் இவ்வளவு ஆட்டம் இல்லை. ஆனால் நெடுநேரம் நீடித்தால் கரியமில வாயு சேர்ந்து, ரத்தக் குழாய்கள் சுருங்கி, கடைசிக் கட்டத்தில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும்.

கைப்பட்டை காற்றடைத்து மெல்லத் தளர்ந்து எண்ணைக் காட்ட, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஆகிறது. அந்த நேரம் முழுவதும் அழுத்தம் ஒரே அளவில் இருக்கும் என்ற எதிர்பார்ப்பில்தான் கருவி கணக்கிடுகிறது. கும்பகத்தில் அதற்குள் அழுத்தம் ஏறி, இறங்கி, மீண்டும் ஏறிவிடுகிறது. வரும் எண் எந்தக் கட்டத்துக்கும் உரியதல்ல. சில சமயம் பிழைக்குறிதான் வரும். நான் குறுகிய கும்பகம் மட்டுமே பழகியவன். ஆசிரியரின் கண்காணிப்பில் ஆண்டுக்கணக்கில் பயின்றவர்களின் அனுபவம் வேறாக இருக்கலாம்.

தலைகீழ் ஆசனங்களில் சிக்கல் வேறு: கை இருக்கும் உயரம். பட்டை இதயத்தைவிட 10 செ.மீ. தாழ்ந்திருந்தால் எண் ஏறத்தாழ 8 புள்ளி கூடும். அதே அளவு உயர்ந்திருந்தால் 8 புள்ளி குறையும். சிரசாசனத்தில் கைகள் தரையில் தலையோடு இருக்கின்றன, இதயமோ மேலே. மேல்கை 30 செ.மீ. தாழ்வில் இருப்பதாகக் கொள்ளுங்கள். இதய மட்டத்தில் மேல் அழுத்தம் 120 என்றால், கருவி 143 அளவில் காட்டும். உடலின் எடையைத் தாங்கும் கைத்தசையின் இறுக்கம் அந்த எண்ணையும் குழப்பும். பட்டையின் கணக்கு இப்படியென்றால், கண்ணுக்குள் நடப்பது மெய்யான மாற்றம்: சிரசாசனத்தில் கண் அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காவதை அளந்து பார்த்திருக்கிறார்கள்.

சுவரில் காலைச் சாய்த்த விபரீதகரணியில் இந்தத் தொல்லை இல்லை. இடுப்புக்கு அடியில் எதுவும் வைக்காவிட்டால் தலையும் இதயமும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. காலிலுள்ள ரத்தத்தில் ஒரு பகுதி மார்புக்கு வருகிறது; கழுத்திலும் பெருந்தமனியிலும் உள்ள அழுத்த உணரிகள் அதைக் கண்டு நாடியை மட்டுப்படுத்துகின்றன.

அளக்கும் முறை இதுதான். முதலில் முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிய ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓர் அளவு எடுங்கள். பிறகு காலைச் சுவரில் சாய்த்து, ஐந்து நிமிடம் கழித்து இன்னோர் அளவு. அப்போது கை தரையிலேயே கிடந்தால் இதயத்தைவிடச் சில செ.மீ. தாழ்ந்துவிடும், மேல்கைக்கு அடியில் மடித்த துண்டை வைத்து, மார்பின் நடு உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். உட்கார்ந்தபோது 132/84, நாடி 76. ஆசனத்தில் 126/80, நாடி 68 என்று வந்தால், அது ஆசனத்தின் பலன் மட்டுமல்ல. படுத்ததனாலும் ஓய்வினாலும் வந்த மாற்றமும் அதில் கலந்திருக்கும். அதனால் காலை நீட்டி வெறுமனே படுத்து, அதே துண்டோடு ஒருநாள் அளந்து ஒப்பிடுங்கள். மீதமிருக்கும் வித்தியாசமே ஆசனத்தின் பங்கு. அது சிறிதாகவே இருக்கும், எழுந்து உட்கார்ந்ததும் பெரும்பாலும் மறைந்துவிடும். மருந்தின் அளவை மாற்ற இந்த எண்ணை ஆதாரமாக்கக் கூடாது.

முடிக்கும்போது காலை மடக்கி, பக்கவாட்டில் புரண்டு, சற்று உட்கார்ந்த பிறகே எழ வேண்டும். சடாரென்று எழுந்தால் ரத்தம் மீண்டும் காலுக்கு இறங்கி, தலை சுற்றும். கண் அழுத்த நோய் உள்ளவர்கள் இந்த எளிய வடிவத்துக்கும் கண் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். அதிலும் கண் அழுத்தம் ஓரளவு ஏறுகிறது. நாடியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடி ஏற்கெனவே மட்டாகத்தான் இருக்கும். அவர்கள் நாடியைப் பார்த்து ஆசனத்தின் பலனை எடைபோட முடியாது.