ரோமம், புல் வெட்டி எடுப்பது: சேனலும் Select and Mask-உம், பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஃபோட்டோஷாப்பில் செல்லப் பிராணிகளின் படங்களை வெட்டி எடுக்கும் வேலை எனக்கு அடிக்கடி வரும். விளிம்பைச் சீர்செய்யும் Select and Mask கருவி வந்த பிறகு, படத்தின் சிவப்பு, பச்சை, நீலப் பதிவுகளைத் தனித்தனியாக எடுத்துச் செய்யும் சேனல் வேலை தேவைப்படாது என்று நிறையப் பேர் சொன்னார்கள். பின்னணி மங்கலாகவும் ஒரே நிறமாகவும் இருந்தால் அது சரிதான். ஆனால் புல்தரையில் நிற்கும் நாய் என்றால் இன்றைக்கும் நான் சேனலில்தான் தொடங்குகிறேன். Select and Mask அதற்குப் பிறகுதான்.

வெயிலில் புல்மேல் நிற்கும் வெளிர் பழுப்பு நாயை எடுத்துக்கொள்வோம். ரோமத்தின் நிறம் ஏறக்குறைய சிவப்பு 200, பச்சை 150, நீலம் 90. புல்லின் நிறம் சிவப்பு 90, பச்சை 130, நீலம் 50. பச்சைச் சேனலில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல். சிவப்பில் மட்டும் நாய் பளிச்சென்றும் புல் இருட்டாகவும் தெரியும். அதனால் சிவப்பு. இதே புல்லை நீல வானத்துக்கு எதிரே எடுத்திருந்தால் நீலச் சேனல்தான் கைகொடுக்கும்: வானம் வெளுத்திருக்கும், புல் கறுத்திருக்கும். அதை இன்வெர்ட் செய்தால், வெள்ளையில் காட்டிக் கறுப்பில் மறைக்கும் மாஸ்க் பாதி தயார்.

சிவப்புச் சேனலை நகலெடுத்து, நகலில்தான் வேலை செய்ய வேண்டும். மூலத்தைத் தொட்டால் படத்தின் நிறமே மாறிவிடும். Ctrl+L தட்டி லெவல்ஸில் கறுப்பு முனையை 95 பக்கமும் வெள்ளை முனையை 190 பக்கமும் வைப்பேன். அதற்கு மேல் இறுக்குவதில்லை. ஒரு தனி முடி பல இடங்களில் ஒரு பிக்சலைவிட மெல்லியது. அந்த பிக்சலில் பாதி முடி, பாதி புல். மாஸ்க்கில் அது சாம்பலாக இருந்தால்தான் பாதி ஊடுருவும் தன்மை கிடைக்கும். எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாக்கினால் முடி கம்பி மாதிரி விறைத்து நிற்கும்.

லெவல்ஸுக்குப் பிறகும் வெயில் பட்ட புல் இதழ்கள் விளிம்பருகே வெளுத்துக் கிடக்கும். பிரஷ்ஷை Overlay மோடில், 20 அல்லது 30 சதவீத ஒபாசிட்டியில், கறுப்பு நிறத்தோடு ஓட்டினால் அவை மெல்ல அடங்கும். முழு வெள்ளையான ரோமத்தை அது தொடாது. விளிம்பிலிருந்து தள்ளியிருப்பதற்குச் சாதாரண கறுப்பு பிரஷ் போதும். உள்ளே கண், மூக்கு, கழுத்துப் பட்டை எல்லாம் கறுப்பாகத்தான் வந்திருக்கும். லாஸோவால் வளைத்து வெள்ளை நிரப்பினால் முடிந்தது.

அப்புறம் Ctrl அழுத்தி அந்தச் சேனலைக் கிளிக் செய்து, கிடைத்த செலக்‌ஷனை லேயர் மாஸ்க் ஆக்கி, மாஸ்க்கோடு Select and Mask-க்குள் நுழைவேன். Radius பூஜ்யத்திலேயே இருக்கட்டும். ஏற்றினால் சேனல் நன்றாகப் பிடித்த இடங்களையும் மென்பொருள் திரும்பக் கணக்கிட்டுக் குழப்பும். நிழலில் இருக்கும் காது, தாடையின் அடிப்பகுதி என்று சேனல் கோட்டைவிட்ட இடங்களில் மட்டும் Refine Edge Brush. F தட்டித் தட்டி, கறுப்புப் பின்னணியிலும் வெள்ளைப் பின்னணியிலும் மாற்றிப் பார்க்க வேண்டும். ஒன்றில் அழகாகத் தெரியும் விளிம்பு மற்றதில் அசிங்கமாக இருப்பது சர்வசாதாரணம்.

Decontaminate Colors-ஐ நான் இப்போது அநேகமாகத் தொடுவதில்லை. அது பிக்சலின் நிறத்தையே மாற்றி எழுதுவதால் புது லேயராகத்தான் வெளியே வரும், பிறகு திருத்துவது தொல்லை. முடி நுனியில் பச்சை ஒட்டியிருந்தால் மேலே ஒரு லேயரை கிளிப் செய்து, Color மோடில் வைத்து, பக்கத்து ரோமத்தின் நிறத்தை எடுத்துப் பூசுகிறேன். ஒளி நிழல் அப்படியே இருக்க, பச்சை மட்டும் போய்விடும்.

இந்த முறைக்கு ஒத்துவராதவை இரண்டு. ஒன்று, அழுத்திச் சுருக்கப்பட்ட ஜேபெக். பெரும்பாலான ஜேபெக்கில் நிறத் தகவல் ஒளித் தகவலைவிடக் குறைந்த நுணுக்கத்தில்தான் சேமிக்கப்படுகிறது. அதனால் சிவப்பு, நீலச் சேனல்களில் விளிம்பு கட்டம் கட்டமாக உடைந்திருக்கும். 200 சதவீதம் பெரிதாக்கினால் தெரிந்துவிடும். ரா கோப்பு இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. இன்னொன்று பாதம். புல் பாதத்தை மறைத்திருந்தால் எந்தச் சேனலும் இல்லாத பாதத்தைத் தராது. அங்கே புல்லையும் சேர்த்தே வெட்டி வைப்பேன். புதுப் பின்னணியும் புல்தரை என்றால் மாஸ்க்கின் அடிப்பகுதியில் புல் வடிவ பிரஷ்ஷைக் கறுப்பில் ஓட்டினால் இரண்டு புல்லும் கலந்துவிடும். சிமென்ட் தரையில் நிறுத்தச் சொன்னால் வேறு படம் கேட்பதைத் தவிர வழியில்லை.