8 அடி அறையில் ஸ்லைடிங் கதவு 5 ஆண்டு, கீல் கதவு 3 ஆண்டு

ராயபுரத்தில் எங்கள் படுக்கையறை 8 அடி அகலம், 11 அடி நீளம். ஒரு நீளச் சுவரை ஒட்டி 4 அடி அகலக் கட்டில். எதிர்ச்சுவரில் 5 அடி அகலத்தில் துணி அலமாரி. 2018இல் அலமாரி செய்தபோது ஸ்லைடிங் கதவு போட்டோம். 2023 தொடக்கத்தில் அதை எடுத்துவிட்டுக் கீல் கதவுக்கு மாறினோம். அறையும் அலமாரியும் கட்டிலும் மாறவில்லை, கதவு மட்டும்தான் மாறியது. அதனால் இரண்டின் வித்தியாசத்தையும் என்னால் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

“குறுகிய அறையா? கண்ணை மூடிக்கொண்டு ஸ்லைடிங் போடுங்கள்” என்றுதான் எங்களிடம் எல்லோரும் சொன்னார்கள். கதவு வெளியே விரியாது, அதனால் இடம் மிச்சம் என்பது கேட்பதற்குச் சரியாகவே இருந்தது. கதவு மூடியிருக்கும்போது அலமாரி எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை.

ஹேங்கரில் மாட்டிய சட்டைக்கு உள்ளே 21, 22 அங்குல ஆழம் வேண்டும். கீல் கதவு என்றால் பின்பலகை, கதவு எல்லாம் சேர்த்து 24 அங்குலத்தில் அலமாரி முடிந்துவிடும். ஸ்லைடிங்கில் இரண்டு கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவேண்டும். அந்த இரட்டைச் சானலுக்கே 3 முதல் 3½ அங்குலம் போய்விடும். “வெளி அளவை 24லேயே வைத்துக்கொள்ளலாமா அம்மா?” என்று தச்சர் கேட்டார். அப்படிச் செய்தால் சட்டைக் கைகள் உள்கதவில் உரசும் என்பதையும் அவரே சொன்னார். 27 அங்குலமாகச் செய்யச் சொன்னோம்.

அறையின் அகலம் 96 அங்குலம். அதில் கட்டிலுக்கு 48, அலமாரிக்கு 27 போக, நடப்பதற்கு மிஞ்சியது 21 அங்குலம். கீல் கதவாக இருந்திருந்தால் 24 கிடைத்திருக்கும். 3 அங்குலம்தானே என்று அன்று தோன்றியது. 21 அங்குலத்தில் துவைத்த துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக நடக்க முடியவில்லை, பக்கவாட்டில்தான் போகவேண்டும். குனிந்து மெத்தை விரிப்பைச் செருகினால் முதுகு கதவில் இடித்தது. கீல் கதவு வெளியே விரிந்து நிற்பது ஒரு நாளில் மொத்தமாகப் பத்து நிமிடம் இருக்கலாம். ஸ்லைடிங் எடுத்துக்கொண்ட அந்த 3 அங்குலமோ இரவும் பகலும் போனதுதான்.

இரண்டாவது சிக்கல் கீழ்ச் சானல். கடற்காற்றும் துறைமுக லாரிகள் கிளப்பும் புழுதியும் எங்கள் பக்கத்து வீடுகளுக்குப் புதிதல்ல. ஜன்னலைத் திறந்தால் மாலைக்குள் தரையில் மெல்லிய கறுப்புத் தூசி படிந்துவிடும். அதன்மேல் தலைமுடியும் துணி நூலும் சேர்ந்து சானலின் பள்ளத்தில் போய் உட்காரும். பழைய பல்துலக்கியால் வாரம் ஒருமுறை எடுத்துவிட்டால் கதவு நன்றாக ஓடியது. ஒரு மாதம் விட்டுவிட்டால் கரகரவென்று சத்தம் வரும். சத்தத்துக்குத் தேங்காய் எண்ணெய் விட்டது நான் செய்த பெரிய தவறு. எண்ணெயில் தூசி ஒட்டிச் சானல் முழுவதும் பசையானது.

நான்காம் ஆண்டில் வலப்பக்கக் கதவின் மேல்விளிம்பில், ஒரு முனையில் அகன்று மறுமுனையில் ஒடுங்கிய இடைவெளி தெரிந்தது. கீழே ஒரு பக்கச் சக்கரம் இறங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். தச்சர் திருகாணியைத் திருகி உயர்த்தினார். ஆறு மாதத்தில் மறுபடியும் இறங்கியது. சக்கரத்தின் அச்சில் முடி சுற்றி, உள்ளே இருந்த இரும்பு துருப்பிடித்திருந்தது. மாற்றவேண்டுமானால் கதவை மேலே தூக்கி, அடிப்பக்கத்தை வெளியே இழுத்து எடுக்கவேண்டும். 7 அடி உயரப் பிளைவுட் கதவு 20 கிலோவுக்குக் குறையாது. 21 அங்குல இடைவெளியில் 31 அங்குல அகலக் கதவை எப்படித் திருப்புவது? கட்டிலைப் பிரித்து முன்னறையில் சாய்த்து வைத்த பிறகுதான் கதவு வெளியே வந்தது. குறுகிய அறைக்கென்று வாங்கிய கதவைப் பழுதுபார்க்க அறையையே காலி செய்ய வேண்டியிருந்தது.

வெளியே எடுத்துப் பார்த்தபோது கதவும் நடுவில் லேசாக வளைந்திருந்தது. அன்றே கீல் கதவுக்கு மாறிவிடலாம் என்று முடிவெடுத்தோம். அலமாரியை உடைக்கத் தேவையில்லை. ஸ்லைடிங்குக்காகச் செய்த பெட்டியில் தட்டுகளும் நடுப்பலகையும் முன்பக்கம் 3½ அங்குலம் முன்பே நின்றுவிடும். சானல் இருக்கும் இடம் அது. எனவே பக்கப் பலகை, மேல், கீழ்ப் பலகைகளை மட்டும் அந்த அளவுக்கு அறுத்து, அறுத்த விளிம்பில் பட்டை ஒட்டினார் தச்சர். கதவின் கனத்தையும் சேர்த்து ஆழம் ஏறக்குறைய 24 அங்குலமானது.

கதவுகளை 30 அங்குலத்தில் இரண்டாகச் செய்யாமல் 15 அங்குலத்தில் நான்காகச் செய்யச் சொன்னோம். 24 அங்குல நடைவழியில் 15 அங்குலக் கதவு விரிந்த பிறகும் கட்டிலுக்கு முன்னால் 9 அங்குலம் இருக்கும். இடது கதவைத் திறக்கும்போது வலது கதவின் முன்னால் நின்றுகொள்கிறேன், பின்வாங்கிக் கட்டிலில் விழவேண்டியதில்லை. ஒவ்வொரு கதவுக்கும் நான்கு கீல்கள். உப்புக்காற்றை நினைத்துத் துருப்பிடிக்காத எஃகுக் கீல்களாகக் கேட்டு வாங்கினோம், அதில் சிக்கனம் பார்க்கவில்லை.

மூன்று ஆண்டுகளில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது, அலமாரி முழுவதும் ஒரே நேரத்தில் கண்ணில் படுவது. ஸ்லைடிங்கில் எப்போதும் பாதிதான் திறக்கும், சேலை இந்தப் பக்கம், ரவிக்கை அந்தப் பக்கம் என்று காலையில் கதவைத் தள்ளிக்கொண்டே இருப்பேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு சுவரெல்லாம் ஓதம் ஏறியபோது நான்கு கதவையும் விரியத் திறந்து மின்விசிறியை ஓடவிட்டேன். பட்டுச்சேலைகளில் பூஞ்சை வரவில்லை. முந்தைய மழைக்காலங்களில் கதவுகள் ஒன்றின்மேல் ஒன்று படியும் நடுப்பகுதியில்தான் முதலில் பூஞ்சை வாசம் எழும்.

குறைகளும் உண்டு. அறைக்கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் அலமாரிக் கதவைத் திறந்துவைத்திருக்கும்போது யாராவது உள்ளே வந்தால் இரண்டும் மோதும். அந்தப் பகுதியில் கம்பளி, போர்வை என்று அடிக்கடி எடுக்காதவற்றை வைத்திருக்கிறோம். இரண்டாம் ஆண்டில் ஒரு கதவு சற்றுச் சரிந்து பக்கத்துக் கதவை உரசியது. கீலின் முன்பக்கத் திருகாணியைக் கால் சுற்று திருப்பியதும் நேரானது. கட்டிலை நகர்த்தாமல் நானே செய்தேன்.

என் தங்கை திருவொற்றியூரில் இருக்கிறாள். அவள் அறையும் 8 அடிதான், ஆனால் கட்டில் 5 அடி. அங்கே கீல் அலமாரி வைத்தால் 12 அங்குலம்தான் மிஞ்சும், 15 அங்குலக் கதவு மெத்தையில் முட்டி நிற்கும். அவளுக்கு நானே ஸ்லைடிங் போடச் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்தபடியே துணி எடுக்கிறாள். கீழே இழுப்பறை வேண்டாம், இழுக்க இடமிருக்காது, வெறும் தட்டு போதும் என்று சொல்லியிருந்தேன். சக்கரத்தை மாற்றும் நாள் வந்தால் என்ன செய்வது என்பதற்காகக் கட்டிலைத் திருகாணியால் கழற்றி மாட்டும் வகையில் வாங்கியிருக்கிறாள்.