மூங்கில் துண்டா, கைத்தறித் துண்டா: பத்துப் பேருக்குப் பரிசு வாங்கிய கதை

எங்கள் குழுவில் பத்துப் பேர். ஆளுக்கொரு நல்ல குளியல் துண்டு கொடுக்கலாம், அதுவும் சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் செய்யாததாக இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். பட்டியலில் மூன்று நின்றன: ‘மூங்கில்’ என்று அட்டையில் எழுதிய துண்டு, சான்றிதழ் பெற்ற இயற்கை வேளாண் பருத்தியில் ஆலை நெய்த துண்டு, தெரிந்த நெசவாளரிடம் சொல்லி நெய்து வாங்கும் கைத்தறித் துண்டு. கடைசியில் கைத்தறிதான் எடுத்தோம். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மைக்ரோஃபைபரைப் பேச்சிலேயே விட்டுவிட்டோம். பிளாஸ்டிக் இழை, ஒவ்வொரு துவைப்பிலும் உதிரும். அவ்வளவுதான்.

மூங்கில் துண்டு கையில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி இருக்கும். அதில் பொய் இல்லை. ஆனால் அந்த மென்மைக்கும் மூங்கிலுக்கும் உறவு ரொம்பத் தூரம். மூங்கிலைக் கூழாக்கி, காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டைசல்ஃபைடிலும் கரைத்து, அந்தக் கரைசலை நுண்துளைகள் வழியே அமிலத்துக்குள் பீய்ச்சினால் வருவது விஸ்கோஸ், அதாவது ரேயான். மரக்கூழில் செய்தாலும் இதே இழைதான். கார்பன் டைசல்ஃபைடு நரம்பைப் பாதிக்கும் நச்சு. ஆலைக்குள் நிற்பவர் சுவாசிப்பது அதைத்தான். ரேயானை ‘மூங்கில்’ என்று விற்றதற்காக அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2009 முதலே வழக்குப் போட்டு வருகிறது. 2022இல் இரண்டு பெரிய சில்லறை நிறுவனங்கள் சேர்ந்து 55 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டன. மூங்கிலுக்குக் கிருமியைத் தடுக்கும் குணம் இருந்தாலும் அது ரேயானாக மாறிய பிறகும் மிஞ்சுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும் அந்தக் கமிஷன் சொல்லியிருக்கிறது. லயோசெல் முறையில் செய்த மூங்கில் இழையும் உண்டு. அதில் கரைப்பானைக் கிட்டத்தட்ட முழுவதும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்துவார்கள். அப்படியானால் அட்டையில் ‘லயோசெல்’ என்றே போட்டிருப்பார்கள். வெறும் ‘மூங்கில்’ என்று இருந்தால் விஸ்கோஸ் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

எங்களுக்கு முடிவைத் தந்தது ரசாயனம் கூட இல்லை, ஈரம். விஸ்கோஸ் நனைந்தால் அதன் பலத்தில் ஏறக்குறைய பாதி போய்விடும். பருத்தி நனைந்தால் இன்னும் வலுவாகும். சட்டைக்கு இது பெரிய விஷயமில்லை. துண்டோ வாழ்நாள் முழுக்க ஈரத்தில்தான் உழைக்கிறது: துடைக்கும்போது ஈரம், பிழியும்போது ஈரம், துவைக்கும்போது ஈரம். என் வீட்டில் முன்பே ஒரு மூங்கில் துண்டு இருந்தது. அடித்துணி பருத்தி, மேலே நிற்கும் வளையங்கள் விஸ்கோஸ். ஒன்றரை வருடத்தில் நடுவில் வளையங்கள் உதிர்ந்து வழுக்கை விழுந்துவிட்டது. ஒரே ஒரு துண்டை வைத்துச் சொல்கிறேன், அதுவும் வாரம் இரண்டு முறை இயந்திரத்தில் போட்ட துண்டு. கையால் அலசுபவருக்கு இன்னும் கொஞ்ச நாள் வந்திருக்கலாம். ஆனாலும், ‘பசுமை’ என்று வாங்கியது இரண்டு வருடத்துக்கு ஒரு முறை குப்பைக்குப் போனால் எதைச் சேமித்தோம்?

வீட்டிலேயே சோதிக்கலாம். எரித்துப் பார்க்கச் சொல்வார்கள். அது உதவாது, பருத்தி, விஸ்கோஸ் இரண்டுமே காகிதம் எரிகிற வாசனைதான் வரும். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, நடுவில் மட்டும் எச்சில் தொட்டு, இரு முனையையும் பிடித்து மெல்ல இழுக்கவும். ஈரமான இடத்திலேயே பொட்டென்று அறுந்தால் விஸ்கோஸ். ஈரம் தாங்கி, உலர்ந்த பக்கத்தில் அறுந்தால் பருத்தி.

ஆலையில் நெய்த இயற்கைப் பருத்தி மோசமில்லை. இயற்கை வேளாண் இழைத் துணிகளுக்கான உலகளாவிய சான்று GOTS. அதன் முத்திரையில் ‘ஆர்கானிக்’ என்று மட்டும் இருந்தால் குறைந்தது 95 சதவீதம் சான்று பெற்ற இழை. ‘மேட் வித் ஆர்கானிக்’ என்றால் 70 போதும். முத்திரையோடு சான்றளித்த நிறுவனத்தின் பெயரும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். எண்ணைப் பொதுத் தரவுத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். நூறு பேருக்குக் கொடுப்பதாக இருந்தால் நானே இதைத்தான் வாங்கியிருப்பேன்.

சரி, கைத்தறி. இங்கே ஏமாற்று வேறு மாதிரி: விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்பது. இரு கரையோரமும் வரிசையாகச் சிறு ஊசித்துளைகள் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். நெய்யும்போது துணி உள்வாங்காமல் இழுத்துப் பிடிக்கும் குச்சியின் முள் பட்ட இடம் அது. இதுவே முழு உறுதி ஆகாது, சில விசைத்தறியிலும் தடம் விழும். தறியை நேரில் பார்ப்பதுதான் நிச்சயம்.

நாங்கள் பார்த்தோம். பத்துப் பேருக்குப் பத்து நிறம் வேண்டும் என்று ஆசையாகக் கேட்டேன். நெசவாளர் அக்கா சிரித்துவிட்டார். “பாவு ஒண்ணுதான் போடுவேன் தம்பி. ஊடைக்கு எத்தனை நிறம் வேணும்னாலும் சொல்லு.” பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், ஊடை அதற்குக் குறுக்கே ஓடும் நூல். நிறத்துக்கொரு பாவு என்றால் ஒவ்வொரு முறையும் நூலை ஓட்டி, பழைய பாவோடு இழை இழையாகப் பிணைக்க வேண்டும். அவர் கணக்கில் அதற்கே இரண்டு நாள், இரண்டு துண்டானாலும் இருபதானாலும். நெய்வது ஒரு நாளைக்கு நான்கு. அப்போது இரண்டு துண்டு கேட்டால் இரண்டரை நாள் வேலை, துண்டுக்கு ஒன்றேகால் நாள். பத்து கேட்டால் நாலரை நாள், துண்டுக்கு அரை நாளுக்கும் குறைவு. சலுகை இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. அது புரியாமல் நான், “பத்து எடுக்கிறோமே, கொஞ்சம் குறைக்கலாமா அக்கா?” என்று கேட்டுவிட்டேன். பிணைக்கும் நேரம் பங்காகி அவர் சொன்ன விலையில் ஏற்கெனவே குறைந்திருந்தது. அதற்குமேல் நான் குறைக்கச் சொன்னால் அது அவர் கூலியில்தான் விழும்.

அப்புறம் நானே உட்கார்ந்து சரிபார்த்தேன். மொத்த விலையில் நூலும் சாயமும் கழித்து, மீதியை வேலை நாட்களால் வகுத்தேன். இதில் பலரும் விட்டுவிடுவது, ஊடை நூலைச் சிறு குழலில் ஏற்றித் தரும், அதாவது தார் சுற்றும் ஆளை. அக்காவின் அம்மா இரண்டு நாள் உட்கார்ந்து தார் சுற்றினார், அந்த நாட்களை அக்கா விலையில் சேர்க்கவே இல்லை. சேர்த்து வகுத்தால் அவர் ஊரில் ஒரு நாள் கூலிக்குக் கீழே போனது. அதனால் கேட்டதைவிடக் கூட்டிக் கொடுத்தோம். நூல் காசு முழுவதும் முன்பணமாகக் கொடுத்தது அதைவிட உதவியது என்று அவரே சொன்னார். கடனுக்கு நூல் எடுத்தால், கடன் கொடுத்தவர் சொல்லும் விலைக்குத்தான் துணி போகும்.

கைத்தறியிலும் குறை உண்டு. நூல் ஆலை நூல்தான், பருத்தி எந்த வயலில் விளைந்தது என்பது அவருக்கே தெரியாது. சாயம் ரசாயனச் சாயம், இயற்கைச் சாயம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் பரிசு அட்டையில் எழுதவில்லை. சிவப்பு ஊடை போட்டது முதல் அலசலில் கொஞ்சம் நிறம் விட்டது. வளையம் இல்லாத தட்டை நெசவு என்பதால் முதல் வாரம் தண்ணீரைச் சரியாக உறிஞ்சவும் இல்லை, நூலில் ஏற்றிய கஞ்சி போக நான்கைந்து துவைப்பு ஆனது. இதை எழுதி ஒரு சீட்டாக உள்ளே வைத்தோம். வைக்காவிட்டால் இரண்டு பேராவது தரை துடைக்கப் போட்டிருப்பார்கள்.

துண்டு ஒன்றுக்குச் சுருக்கத்தையும் சேர்த்து 160 செ.மீ. பாவு போனது, பத்துக்கு 16 மீட்டர். தறியில் கட்டிய முனைகளில் நெய்ய முடியாமல் நின்றது இன்னும் ஒரு மீட்டர். அந்த நூல் முனைகளையும் வாங்கிக்கொண்டோம், பத்துப் பரிசையும் கட்டியது அவற்றால்தான்.