இலவச கம்பெனி விவரத் தளங்கள்: நான்கு வருடம் ஒத்துப் பார்த்ததில்

கோவையில் அட்டைப்பெட்டி சப்ளை செய்கிறேன். புதிய கம்பெனி ஏதாவது கடனுக்குச் சரக்கு கேட்டால், இணையத்தில் அதன் பெயரைத் தட்டிப் பார்ப்பேன். இலவசத் தளங்கள் மூன்று நான்கு வந்து நிற்கும். அதில் கிடைத்ததை, மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகமான எம்சிஏ-வின் தளத்தில் உள்ள மாஸ்டர் டேட்டாவோடு ஒத்துப் பார்ப்பது நான்கு வருடப் பழக்கம். கம்பெனி தொடங்கிய வருடம் அநேகமாகச் சரியாக இருக்கும். மாறக்கூடிய விவரங்களில்தான் கோளாறு.

போன வருடம் ஓசூர் கம்பெனி ஒன்றுக்கு ஒரே தளத்தில் இரண்டு பக்கங்கள் இருந்தன. ஒன்றில் பெங்களூரு முகவரி, மூன்று இயக்குநர்கள், அடைக்காத வங்கிக் கடன். இன்னொன்றில் ஓசூர் முகவரி, இரண்டு இயக்குநர்கள், கடன் பற்றிப் பேச்சே இல்லை. ஏதோ தில்லுமுல்லு என்றுதான் முதலில் நினைத்தேன்.

அப்புறம் இரண்டு பக்கத்திலும் இருந்த சிஐஎன், அதாவது கம்பெனியின் அடையாள எண்ணை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தேன். மொத்தம் 21 எழுத்து. வருடமும், பிரைவேட் லிமிடெட் என்பதைக் குறிக்கும் `PTC`-யும் ஒன்றேதான். `KA` இருந்த இடத்தில் `TN`, கடைசி ஆறு இலக்கமும் வேறு. பதிவு அலுவலகம் மாநிலம் மாறினால் புது சிஐஎன் கொடுப்பார்கள். தளம் புதிய எண்ணுக்குப் புதுப் பக்கம் போட்டுவிட்டு, பழையதை அப்படியே விட்டிருக்கிறது. எம்சிஏ-வில் புதிய எண்ணைப் போட்டால் ஒரே கம்பெனி, இரண்டு இயக்குநர்கள். அந்தக் கடன் அடைபட்டதாகப் பதிவாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பழைய பக்கத்தை நம்பியிருந்தால் நல்ல பார்ட்டியை விட்டிருப்பேன்.

அதற்காக எம்சிஏ-வில் இருப்பது வேதவாக்கு இல்லை. கடன் முடிந்ததும் `CHG-4` படிவம் தாக்கல் செய்தால்தான் அங்கே கணக்கு மூடப்படும். ஆடிட்டர் மறந்தால் அடைத்த கடனும் பாக்கியாகவே நிற்கும். அப்படி இருந்தால் வங்கியின் நோ டியூ கடிதத்தைக் கேட்டு வாங்கிவிடுவேன்.

பெயர்க் குழப்பம் நம் ஊருக்கே உரியது. இனிஷியலை விரித்து அப்பா பெயரை முன்னால் போடுகிறவர்களும் உண்டு, பின்னால் போடுகிறவர்களும் உண்டு. ஒரு தளம் இரண்டு செந்தில்குமார்களை ஒரே ஆளாக்கி, ஒருவரின் மூடிய கம்பெனியை மற்றவர் தலையில் கட்டியிருந்தது. இயக்குநரின் எட்டு இலக்க டின் எண்ணைப் பார்த்தபோதுதான் இருவரும் வேறு என்று தெரிந்தது.

"மூலதனம் ஒரு கோடி" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அது அங்கீகரிக்கப்பட்ட மூலதனமா, செலுத்தப்பட்டதா என்று பாருங்கள். முன்னது உச்சவரம்பு மட்டும்தான். உள்ளே வந்த பணம் ஒரு லட்சமாகக்கூட இருக்கலாம்.

இப்போதெல்லாம் பெயரை வைத்துத் தேடுவதே இல்லை. பில்லிலும் லெட்டர்ஹெட்டிலும் சிஐஎன் அச்சிட்டாக வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். பார்ட்டியிடம் லெட்டர்ஹெட்டில் ஆர்டர் கேட்கிறேன், அந்த எண்ணை நேராக எம்சிஏ-வில் போடுகிறேன்.