ஆப்பில் ரீஃபண்ட் முடிந்தது, பாஸ்புக்கில் ஒன்றுமில்லை: பணம் எங்கே நிற்கிறது?

பொருளைத் திருப்பி அனுப்பியாயிற்று. ஆப்பில் பச்சை டிக் போட்டு ‘Refund Processed’ என்றும் வந்துவிட்டது. நான்கு நாள் கழித்தும் கணக்கில் பணம் ஏறவில்லை. கஸ்டமர் கேரில் கேட்டால் “நாங்க அனுப்பிட்டோம் சார், பேங்க்ல கேளுங்க” என்கிறார்கள். பேங்கில் கேட்டால் “எங்களுக்கு எதுவும் வரலையே, அவங்களையே கேளுங்க” என்று பதில். யூபிஐ, டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு என்று எல்லா வழியிலும் வருடக்கணக்கில் ரீஃபண்ட் வாங்கிப் பார்த்ததில் ஒன்று தெரிகிறது. இரண்டு பக்கமும் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. பணம் இருவருக்கும் நடுவில் நிற்கிறது. எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு எண் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கத் தெரிந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

முதலில் பணம் வரும் பாதை. ஆப் நேராக உங்கள் பேங்குக்குப் பணம் அனுப்புவதில்லை. நீங்கள் பணம் கட்டியபோது நடுவில் இருந்த பேமென்ட் கேட்வே நிறுவனத்திடம் ‘இந்தப் பரிவர்த்தனைக்கு இவ்வளவு திருப்பிக் கொடு’ என்று சொல்கிறது. கேட்வே அதை விற்பனையாளர் பக்கத்து வங்கிக்கு அனுப்பும். அங்கிருந்து விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற கார்டு நெட்வொர்க் வழியாகவோ யூபிஐ வழியாகவோ உங்கள் வங்கிக்கு வரும். கடைசியாக உங்கள் வங்கி அதைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். ஆப்பில் ‘அப்ரூவ்டு’ என்று வந்தால், பணம் தரலாம் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள், அவ்வளவுதான். ‘இனிஷியேட்டட்’ என்றால் கேட்வேக்குச் சொல்லியாயிற்று. ‘பிராசஸ்டு’ என்றால் பல ஆப்களில் கேட்வே வேலையை முடித்தது என்று பொருள். கணக்கில் ஏறியதா இல்லையா என்பது இந்த மூன்றில் எதற்கும் தெரியாது.

எத்தனை நாள் ஆகும்? யூபிஐயில் கட்டியிருந்தால் பெரும்பாலும் அன்றைக்கே அல்லது இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். நெட் பேங்கிங்குக்கும் கார்டுகளுக்கும் கேட்வேக்கள் வழக்கமாகச் சொல்வது 5 முதல் 7 வேலை நாள். அனுபவத்தில் பொறுமையை அதிகம் சோதிப்பது டெபிட் கார்டுதான். இந்த நாள் கணக்கில் எல்லோரும் சறுக்குவது ‘வேலை நாள்’ என்ற சொல்லில். இன்று நெஃப்ட் 24 மணி நேரமும் ஓடுகிறது, யூபிஐ ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்கிறது. ஆனால் கார்டு ரீஃபண்ட் வங்கிகளுக்கிடையே மொத்தமாகக் கணக்குத் தீர்க்கும் முறையில் நகர்வதால், விடுமுறை நாட்கள் அதில் குறுக்கே விழும்.

ஒரு உதாரணத்தைத் தேதியோடு பார்க்கலாம். 2025 ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை மாலை 2,340 ரூபாய்க்கு ரீஃபண்ட் அப்ரூவ் ஆகிறது. பணம் கட்டியது டெபிட் கார்டில். 12ஆம் தேதி இரண்டாம் சனி, வங்கி விடுமுறை. 13 ஞாயிறு. 14 சித்திரை முதல் நாள், அம்பேத்கர் பிறந்த நாளும்கூட, அன்றும் விடுமுறை. ஆக முதல் வேலை நாளே 15, செவ்வாய்தான். 16, 17 போனால் 18 புனித வெள்ளி. 19 மூன்றாம் சனி, வங்கி உண்டு. ஆனால் சில கேட்வேக்கள் எந்தச் சனிக்கிழமையையும் வேலை நாளாக எண்ணுவதில்லை. 20 ஞாயிறு. இப்படி எண்ணினால் ஐந்தாவது வேலை நாள் 21ஆம் தேதி, ஏழாவது 23ஆம் தேதி. சனியைக் கழித்தால் 24. ‘ஏழு நாள்’ என்று படித்துவிட்டு 18ஆம் தேதி சண்டைக்குப் போகிறவருக்கு, அதுவரை ஓடியது மூன்றே வேலை நாள்.

இப்போது அந்த எண். கார்டு ரீஃபண்டுக்கு ஏஆர்என் என்று ஒன்று உண்டு. விசாவிலும் மாஸ்டர்கார்டிலும் அது 23 இலக்கம். யூபிஐக்கு ஆர்ஆர்என், 12 இலக்கம். சில ஆப்கள் ஆர்டர் விவரத்தில் ரீஃபண்ட் வரியைத் தொட்டாலே இதைக் காட்டிவிடும். நல்ல ஆப்புக்கு இதையே அடையாளமாகச் சொல்லலாம். காட்டாத ஆப்பில் சாட்டில் போய் “ரீஃபண்டுக்கான ஏஆர்என் வேண்டும், ஆர்டர் எண் அல்ல, உங்கள் ரீஃபண்ட் ஐடியும் அல்ல” என்று தெளிவாகக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்காவிட்டால் R என்றோ rfnd என்றோ தொடங்கும் அவர்களுடைய சொந்த எண்ணைத் தருவார்கள். அதை வைத்துக்கொண்டு வங்கியில் எதையும் தேட முடியாது.

ஏஆர்என்னுக்குள்ளேயே தேதி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மேலே சொன்ன உதாரணத்துக்கு ஒரு மாதிரி எண்:

```
74012345105123456789012
7 | 401234 | 5105 | 12345678901 | 2
```

முதல் இலக்கத்தை விடுங்கள். அடுத்த ஆறு இலக்கம், விற்பனையாளர் பக்கத்து வங்கியைக் குறிக்கும். அதற்கடுத்த நான்குதான் நமக்கு வேண்டியது. 5105 என்பதில் 5, வருடத்தின் கடைசி இலக்கம், அதாவது 2025. 105 என்பது ஜனவரி 1இலிருந்து எண்ணினால் 105ஆவது நாள், அதாவது ஏப்ரல் 15. ஆப் அப்ரூவ் செய்தது 11ஆம் தேதி என்றாலும் வங்கிப் பாதைக்குள் நுழைந்தது 15ஆம் தேதிதான் என்று இதிலேயே தெரிந்துவிடுகிறது. நாள் எண்ண வேண்டியது இந்தத் தேதியிலிருந்து. யூபிஐயின் 12 இலக்க எண்ணிலும் பொதுவாக முதல் நான்கு இலக்கம் இதே முறையில் இருக்கும். ஆப் தரும் எண்ணில் இருக்கும் தேதி நீங்கள் பொருளை வாங்கிய நாளோடு ஒத்துப்போனால் கவனியுங்கள்: ரீஃபண்டின் எண்ணுக்குப் பதில் முதலில் பணம் கட்டிய பரிவர்த்தனையின் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள்.

எண் கைக்கு வந்ததும் யாரைத் துரத்துவது என்பது தெளிவாகிவிடும். ஏஆர்என் இல்லை, கொடுக்கவும் முடியவில்லை என்றால் பெரும்பாலும் பணம் இன்னும் ஆப் பக்கத்திலேயே இருக்கிறது. வங்கிக்குப் போவது வீண். ஏஆர்என் இருக்கிறது, அதன் தேதியிலிருந்து ஏழு வேலை நாளும் ஓடிவிட்டது என்றால் வங்கியைப் பிடிக்க வேண்டும். கிளையின் கவுன்டரில் கேட்டால் பெரும்பாலும் கணக்கின் வரவு செலவைத் திறந்து பார்த்துவிட்டு இல்லை என்பார்கள். அதை நாமே மொபைலில் பார்த்திருப்போமே! கார்டு பிரிவுக்கு எழுத்தில் கொடுப்பதுதான் வேலைக்கு ஆகும். ஏஆர்என், தொகை, கார்டின் கடைசி நான்கு இலக்கம், முதலில் பணம் கட்டிய தேதி, இந்த நான்கையும் எழுதி “இந்த ஏஆர்என்னில் வந்த வரவைக் கண்டுபிடித்துக் கணக்கில் சேர்க்கவும்” என்று ஒரே வரி போதும். புகார் எண் வாங்காமல் விடாதீர்கள்.

அதற்கு முன் ஸ்டேட்மென்ட்டை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். வந்த பணத்தையே வரவில்லை என்று நினைப்பவர்கள் அதிகம். வரவின் எதிரே ஆப்பின் பெயர் இல்லாமல் கேட்வேயின் பெயரோ விற்பனையாளரின் நிறுவனப் பெயரோ இருக்கும். யூபிஐ ஆப்பின் ஹிஸ்டரியில் ரீஃபண்ட் தெரியாமல், பேங்க் ஸ்டேட்மென்ட்டில் மட்டும் இருப்பதும் உண்டு. பெயரைத் தேடாமல் தொகையைத் தேடுங்கள். கூப்பனுக்கும் டெலிவரிக் கட்டணத்துக்கும் கழித்துக்கொண்டு 2,340க்குப் பதில் 2,291 என்று வந்திருக்கலாம் என்பதையும் மனதில் வைத்துத் தேட வேண்டும். ஒரு பகுதியை வாலட்டிலிருந்தோ கிஃப்ட் கார்டிலிருந்தோ கட்டியிருந்தால் அந்தப் பகுதி அங்கேயே திரும்பப் போயிருக்கும்.

ஏஆர்என்னே பிறக்காமல் நிற்பதற்கு முக்கியமாக இரண்டு காரணம். ஒன்று, கேட்வேயில் அந்த விற்பனையாளரின் இருப்பு போதாமல் இருப்பது. ரீஃபண்ட் தொகையைக் கேட்வே அவர்களுக்குத் தர வேண்டிய பணத்திலிருந்துதான் கழிக்கும். அங்கே பணம் இல்லையென்றால் ரீஃபண்ட் வரிசையில் நிற்கும். சிறிய விற்பனைத் தளங்களில் இது நடக்கிறது, அவர்கள் இதை ஒப்புக்கொள்வதும் இல்லை. இன்னொன்று பிரச்சினையே அல்ல. ஆர்டர் போட்டுச் சில நிமிடத்தில் ரத்து செய்தால், பணம் விற்பனையாளருக்குப் போய்ச் சேருமுன்பே பழைய பரிவர்த்தனை அழிக்கப்படும். அது ரீஃபண்டே அல்ல, ரிவர்சல். அதற்கு ஏஆர்என் இருக்காது. கிரெடிட் கார்டில் பழைய செலவு வரியே காணாமல் போயிருக்கும், புதிதாக வரவு வரியைத் தேடிப் பயனில்லை.

பணம் கட்டிய கணக்கை இடையில் மூடியிருந்தால் கதை வேறு. கார்டு மட்டும் மாறியிருந்தால் பெரும்பாலும் கவலையில்லை, பழைய எண்ணுக்கு வருவதை வங்கி அதே கணக்கில் சேர்க்கும். கணக்கே இல்லையென்றால் பணம் வந்த வழியே திரும்பிப் போகும். அப்போது ஆப்பிடம் வேறு கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சியும் கொடுத்து நெஃப்ட்டில் வாங்க வேண்டும். அந்த விவரத்தை ஆப்புக்குள்ளேயே கொடுங்கள். கூகுளில் தேடிக் கிடைத்த ‘கஸ்டமர் கேர்’ எண்ணில் கொடுத்தால் ரீஃபண்டோடு இருப்பதும் போகும். பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் போடச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் அங்கேயே போனை வையுங்கள்.

நாளுக்கு 100 ரூபாய் அபராதம் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது இதற்குப் பொருந்துமா? பெரும்பாலும் இல்லை. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட அந்த விதி, தோற்றுப்போன பரிவர்த்தனைக்கு உரியது. கணக்கில் பணம் பிடிக்கப்பட்டு, கடைக்கு உறுதிப்படுத்தல் போகாமல் நின்றுவிட்டால், பரிவர்த்தனை நாளுக்குப் பிறகு ஐந்து நாளுக்குள் திருப்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய். ஆர்டர் வெற்றிகரமாக முடிந்து, பிறகு நீங்கள் பொருளைத் திருப்பி அனுப்பியதற்கு வரும் ரீஃபண்ட் இந்தக் கணக்கில் சேராது. கேட்கும்போது இரண்டையும் குழப்பினால், வங்கி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மொத்தப் புகாரையும் மூடிவிடும்.

ஏஆர்என் தராமல் இழுத்தடிக்கும் ஆப்பில் குறைதீர் அதிகாரிக்கு மெயில் போடுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அசையவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். பணம் வங்கியில் சிக்கியிருந்தால், புகார் கொடுத்து 30 நாளாகியும் பதில் இல்லாதபோதோ பதில் சரியில்லாதபோதோ cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். அங்கே இணைக்க வேண்டியவை: வங்கி தந்த புகார் எண், ஏஆர்என் தெரியும் ஆப் ஸ்கிரீன்ஷாட், அந்த ஏஆர்என் தேதியிலிருந்து இன்றுவரையிலான ஸ்டேட்மென்ட்.